வீணைக்கு எட்ட நின்ற விளக்கு

நவமியன்று காலை கோணேசரையும் மாதுமை அம்பாளையும் கும்பிட்டுவிட்டுக் கோட்டை வழியே இறங்கி வந்தேன். அங்கே திரியும் மான்களில் ஒன்று என் பையிலிருந்த வெற்றிலையை முகர்ந்து பார்த்தது. பூசைக்கு வாங்கியது என்பதால் கொடுக்க மனம் வரவில்லை.

பெரியம்மா திருகோணமலையில் வீணை கற்றுக்கொடுக்கிறார். ஒன்பது நாளும் வீட்டில் கும்பம் இருக்கும். கடைசி மூன்று நாட்கள் சரஸ்வதிக்கு உரியவை. மாலையானதும் பிள்ளைகள் புத்தகங்களோடு வந்தார்கள். அடுக்கின் மேலே இருந்தவை பெரும்பாலும் கணக்குப் புத்தகங்கள். விஜயதசமி காலைவரை தொடக்கூடாது அல்லவா!

வெள்ளைத் துணி விரித்து வீணையைக் கிடத்தினோம். அதன் பக்கத்தில் குத்துவிளக்கை வைக்கப் போனேன்.

"தம்பி, இரண்டு முழம் தள்ளி வையும்" என்றார் பெரியம்மா. "போன வருஷம் பட்டது போதும்."

வீணையில் தந்திகளுக்குக் கீழே குறுக்காக இருக்கும் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. தேன்மெழுகில் கரி கலந்து அதற்கென்றே செய்வது அது. போன வருடம் விளக்கு இரவு முழுவதும் தண்டியை ஒட்டி எரிந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் வாசித்தபோதுதான் ஓரிடத்தில் தந்தி இரைந்தது. மெழுகு இளகி ஒரு மெட்டு இறங்கிவிட்டதால், அங்கே அழுத்திய தந்தி அடுத்த மெட்டில் உரசியிருக்கிறது. மெழுகை எடுத்து அந்தப் பகுதியைப் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று.

மிருதங்கத்துக்குப் பொட்டு வைக்கவும் இடம் பார்க்க வேண்டும். ஒரு சிறுமி குழைத்த சந்தனத்தை வலந்தலையின் கறுப்பு வட்டத்துக்கே கொண்டுபோனாள். அந்தக் கரணையில் ஈரம் பட்டால் நாதம் கெடும். பெரியம்மா அவள் விரலைப் பிடித்துப் பலாக்கட்டையில் வைத்துவிட்டார்.

பிறகு சகலகலாவல்லி மாலை. பத்துப் பாட்டையும் ஆளுக்கொன்றாகப் பாடி, ஒவ்வொன்றும் 'சகலகலாவல்லியே' என்று முடியும் இடத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். காசியில் புது மொழி பேச வேண்டிவந்தபோது குமரகுருபரர் பாடியது என்பார்கள். வேற்று மொழியில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கதையின்மேல் தனிப் பிரியம். ஏழாவது பாட்டு என் பங்குக்கு வந்தது, நடுவில் தடுமாறினேன். பக்கத்துச் சிறுவன் புத்தகம் பார்க்காமலே அடியெடுத்துக் கொடுத்தான். அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போனபின், வாத்தியங்கள் இரவு முழுவதும் அப்படியே இருந்தன.

விஜயதசமி காலையில் தீபம் காட்டிய பிறகு ஒரு சின்னப் பெண்ணுக்கு ஏடு தொடக்கினார்கள். பச்சரிசியில் 'அ' எழுதும்போது விரலை உதறிக்கொண்டே இருந்தாள்; அரிசி ஒட்டுகிறதாம். பெரியம்மா வீணையை மடியில் சாய்த்தார். சுருதி சேர்த்துவிட்டு, மாயாமாளவகௌளை சரளிவரிசைக்கு முன் முதல் மெட்டிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டினார்.

ஓரிடத்திலும் தந்தி இரையவில்லை.