தாம்பரம் முதல் எழும்பூர் வரை: கையில் பேனா இல்லாத கணக்கு

ஜூன் 2, 2025, திங்கள்

காலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன். வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். கிளர்க் முதல்நிலைத் தேர்வின் பழைய கேள்விகளைத் திறந்தேன். முதலில் வந்ததே வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். குரோம்பேட்டைக்குள் நான்கு பேரை மனதுக்குள் உட்கார வைத்தேன். பல்லாவரத்தில் கூட்டம் ஏறி என்னைத் தள்ளியதில் நான்கு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

சரி, இருக்கை வரிசையும் புதிரும் வீட்டுக்கு. ரயிலுக்கு எழுதாமல் முடிகிற கேள்விகள் மட்டும். கணிதப் பகுதியில் 20 நிமிடத்துக்கு 35 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 34 நொடி. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நாலைந்து போடலாம்.

ஜூன் 4, புதன்

இன்று இருபடிச் சமன்பாடு. இரண்டு சமன்பாடு கொடுத்து, x பெரிதா y பெரிதா என்று கேட்பார்கள். ஒவ்வொன்றையும் காரணிப்படுத்திக்கொண்டிருந்தால் பேனா வேண்டும். குறியை மட்டும் பார்த்தாலே பாதி முடிந்துவிடுகிறது.

x² − 9x + 20 = 0
y² + 7y + 12 = 0

முதலாவதில் நடுவில் கழித்தல், கடைசியில் கூட்டல். அப்படியென்றால் இரண்டு விடையும் நேர் எண். இரண்டாவதில் எல்லாமே கூட்டல், அதனால் இரண்டும் எதிர் எண். 4, 5 என்றோ −3, −4 என்றோ கண்டுபிடிக்கவே தேவையில்லை. x > y என்று போட்டுவிட்டுப் போகலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. இரண்டு சமன்பாட்டிலும் கடைசி எண்ணுக்கு முன் கழித்தல் இருந்தால், x-க்கும் ஒரு நேர், ஒரு எதிர், y-க்கும் அப்படியே. x-இன் நேர் விடை y-இன் எதிர் விடையைவிடப் பெரிது, x-இன் எதிர் விடை y-இன் நேர் விடையைவிடச் சிறிது. ஆகவே உறவைத் தீர்மானிக்க முடியாது, எப்போதுமே. இரண்டு நொடி வேலை.

பக்கத்தில் வழக்கமாக நிற்கும் அக்கா, “என்னம்மா, உனக்குள்ளயே பேசிக்கிட்டு வர்ற?” என்றார். பரீட்சை என்றேன். “வேலைக்குப் போய்க்கிட்டேவா?” என்று கேட்டுவிட்டுத் தன் பையை என் தோளிலிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அதுவே பெரிய உதவி.

ஜூன் 5, வியாழன்

நேற்றைய திமிருக்கு இன்று அடி.

x² − 11x + 28 = 0
y² − 15y + 56 = 0

இரண்டுமே நேர் விடைகள் என்பதால் குறி இங்கே உதவாது, காரணிதான். x என்றால் 4, 7. y என்றால் 7, 8. சட்டென்று x < y என்று தொட்டேன். தவறு. இரண்டு பக்கமும் 7 இருக்கிறது, எனவே x ≤ y. தெரியாத கணக்கு இல்லை, பார்க்காத கணக்கு. தேர்வில் இப்படி ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் வேறு பிடிப்பார்கள். இனி விடையைத் தொடும் முன் x-இன் பெரிய எண்ணும் y-இன் சிறிய எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று எண் தொடர். அடுத்த எண் எது என்று கேட்பார்கள்.

12, 6, 6, 9, 16, 45, ?

கிண்டியில் தொடங்கி கோடம்பாக்கம் தாண்டியும் பிடிபடவில்லை. பாதி, ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு என்று அழகாகப் போகிறது. அடுத்து இரண்டு மடங்கு என்றால் 18 வர வேண்டும், 16 இருக்கிறது. பிறகுதான் பின்னாலிருந்து பார்த்தேன். 45-ஐ இரண்டரையால் வகுத்தால் 18. அப்படியானால் 16 அச்சுப்பிழை. 45 × 3 = 135, அது விருப்பங்களிலும் இருந்தது.

இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தேர்வு எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து சொல்லித் தொகுத்தவை. ஓர் எண் மாறிப்போவதில் ஆச்சரியமில்லை. ஓர் எண்ணில் மட்டும் தாளம் தப்பி, அதற்கு அடுத்த எண்ணில் சரியாகச் சேர்ந்துகொண்டால் பிழை கேள்வியில். அதற்குப் பிறகும் சேரவில்லையென்றால் பிழை நம் யூகத்தில். (‘தவறான எண்ணைக் கண்டுபிடி’ வகைக் கேள்வி என்றால் இந்த 16-தான் விடையே!)

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் கடிகாரம் வைத்து முழுக் கணிதப் பகுதி. இருபடி ஐந்தும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தன. எண் தொடரும் அப்படித்தான். ஆனால் அட்டவணைத் தரவுக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். விற்பனை எண்களைத் தாளில் எங்கே எழுதினேன் என்று தேடுவதிலேயே நேரம் போனது. இரண்டு வாரமாகப் பேனாவே பிடிக்கவில்லையே, கை எப்படி வரும்?

நாளை முதல் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டவணை, தாளோடு. ரயிலில் பழையபடி கம்பியும் போனும்.