வெள்ளையாகவே நின்ற வகுப்புப் பக்கம்

மகள் தரம் 10. உவர்மலையிலிருந்து பின்னேரம் ரியூசனுக்கு அனுப்பி எடுப்பது கஷ்டம் என்று கணிதத்தை ஒன்லைனில் போட்டிருந்தோம். புதுத் தவணை தொடங்கிய முதல் திங்கள், "அம்மா, வகுப்பு வருதில்லை" என்று டப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். லொக்கின் பக்கம் வருகிறது, நேரசூசியும் வருகிறது. பாடத்தைத் தொட்டால் மட்டும் வெள்ளை.

முதலில் ரவுட்டரைத்தான் திட்டினேன். அணைத்துப் போட்டும் அதே வெள்ளை. பிறகு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்: "வகுப்பு வேலை செய்யுதில்லை, உடனே பாருங்கோ." கேஷைக் கிளியர் பண்ணச் சொல்லிப் பதில் வந்தது. குரோமில் வந்த பெட்டியில் ஏற்கெனவே சரி போட்டிருந்த எல்லாவற்றையும் அப்படியே அழித்தேன். குக்கீஸும் அதற்குள் இருந்திருக்கிறது. லொக்கின் கழன்று போனது, மகளுக்குக் கடவுச்சொல் நினைவில்லை. அதை மாற்றும் குறுஞ்செய்தி வேலைக்குப் போயிருந்த கணவரின் போனுக்குப் போக, அன்றைய வகுப்பும் போய்விட்டது. வெள்ளை மட்டும் போகவில்லை.

என்னுடைய ஒரு வரியை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது என்பது இரவுதான் உறைத்தது. டப்பை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். அதே வைஃபையில், அதே லொக்கினில், என் போனில் பாடம் திறந்தது. அப்படியென்றால் இணைப்பிலும் கணக்கிலும் பிழையில்லை. பிறகு டப்பிலேயே குரோமின் Incognito-வில் திறந்தேன். அது பழைய கேஷையும் குக்கீஸையும் எடுக்காது, ஆனாலும் வெள்ளை. மேலே ஓடும் நீலக்கோடு கடைசிவரை ஓடி முடிகிறது, தலைப்பில் அவர்களுடைய பெயரும் விழுகிறது. லைன் மெதுவென்றால் கோடு பாதியில் நின்றிருக்கும். இங்கே பக்கம் வந்து சேர்ந்துவிட்டது, வந்ததை டப்பால் வரைய முடியவில்லை. கடைசியாக ஃபயர்பொக்ஸை இறக்கலாம் என்று பார்த்தால் இடமில்லை என்று டப் சொன்னது. அந்த அறிவிப்பை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு அனுப்பிய செய்தி இது:

"வணக்கம். தரம் 10 கணிதம். நேரசூசி வருகிறது, பாடத்தைத் தொட்டால் பக்கம் முழு வெள்ளை, பிழைச்செய்தி எதுவும் இல்லை. போன தவணை இதே டப்பில் பார்த்தோம். அன்ட்ரொயிட் 8.1, குரோம் 74. Incognito-விலும் வெள்ளை. அதே வைஃபையில், அதே லொக்கினில், என் போனில் திறக்கிறது. இன்று பின்னேரம் 6.10க்குப் பார்த்தது, ஸ்கிரீன்சொட் இணைத்திருக்கிறேன். கேஷ் ஏற்கெனவே அழித்தாயிற்று."

குரோமின் எண் Settings-இல் About Chrome என்ற இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் விட அந்த எண்தான் வேலை செய்தது. அடுத்த நாள் காலையிலேயே அங்கிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார்.

"அன்ரி, 74 என்று போட்டிருக்கிறீங்கள், அது 2019இல் வந்தது. இந்தத் தவணையில் இருந்து பாடப் பக்கத்தைப் புதிதாக எழுதியிருக்கிறம். அதுக்குக் குறைஞ்சது 80 வேணும்."

நான் விடவில்லை, ஏன் என்று கேட்டேன். புதிய பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் `?.` என்றொரு குறி வருகிறதாம். குரோமுக்கு அது 80இல்தான் தெரியவந்தது. பழைய குரோம் அந்தக் குறியைக் கண்டதும் எழுத்துப்பிழை என்று நினைத்து, அந்த வரியை மட்டுமல்ல, முழுக் கோப்பையுமே ஓட்டாமல் விட்டுவிடும். பக்கத்தில் உள்ள அத்தனையையும் வரைவது அந்தக் கோப்புத்தான். லொக்கினும் நேரசூசியும் பழைய முறையில் செய்த பக்கங்கள், அதனால் தப்பின.

இத்தனை வருடம் குரோம் ஏன் தானாக அப்டேட் ஆகவில்லை? பிளே ஸ்டோரில் Update-ஐத் தொட்டதும் விடை வந்தது: இடமில்லை. 16 ஜிபி டப். முதல் நாள் இரவு நான் தள்ளிவிட்ட அதே அறிவிப்பு. திறந்து பார்த்தால் குடும்பக் குறூப்பில் வந்த கலியாண வீடியோக்களும் கோணேசர் கோயில் தேர் வீடியோக்களும் குவிந்து கிடந்தன. தேரை என் போனுக்கு மாற்றினேன், மற்றதை அழித்தேன். அப்டேட் இறங்கி குரோம் 138 ஆனது. பாடத்தைத் தொட்டாள், சேரின் முகம் வந்தது.

அன்ட்ரொயிட் 8க்கு 138தான் கடைசிக் குரோம் என்றும் அந்தத் தம்பி சொல்லி வைத்தார். இன்னொரு நாள் பக்கத்தை மாற்றினால் அப்டேட்டும் கைகொடுக்காது, டப்பையே மாற்ற வேண்டிவரும்.

அதனால் இன்னொரு செய்தியும் போட்டேன்: "பிரவுசர் பழசு என்றால் வெள்ளையாக விடாமல், 'குரோமை அப்டேட் பண்ணுங்கள்' என்று ஒரு வரி காட்ட முடியாதா?" செய்யலாம் என்று பதில் வந்தது. இன்னும் செய்ததாகத் தெரியவில்லை.