செத்த கோழியின் எடை

அந்தக் கறிக்கோழி பேட்ச் ரிப்போர்ட்டில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் ஆனது என்று சொல்லும் எஃப்சிஆர் 1.64 என்று இருந்தது. தீவனக் கணக்கில் பிசகே இல்லை. வந்த மூட்டையிலிருந்து திருப்பி அனுப்பியதையும் மிச்சத்தையும் கழித்தால், தின்றது 15,980 கிலோ. எனக்கு இடித்தது சராசரி எடைதான். விற்றது 4,700 கோழி. எடைச் சீட்டுகளில் கோழி ஏறக்குறைய இரண்டு கிலோ, ரிப்போர்ட்டிலோ 2.08. சீட்டுகளைக் கூட்டினால் 9,400 கிலோ வந்தது, ரிப்போர்ட்டில் 9,760. மிச்சம் 360 கிலோ எங்கிருந்து வந்தது என்று மார்ட்டாலிட்டி ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கடைசி வாரத்து வெக்கையில் 180 கோழி செத்திருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ.

சூப்பர்வைசர் எதையும் மறைக்கவில்லை. "செத்த கோழியும் தீவனம் தின்னுதானே சார் வளந்துச்சு?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்னும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. தீவனம் சரியாக எடையாக மாறியதா என்று பார்க்க, செத்த எடையையும் சேர்த்துப் போடும் எஃப்சிஆர் உண்டு. அந்த வகையில் 1.64 பொய்யில்லை. ஆனால் ஒரு கிலோ உயிர் எடைக்கான செலவையும் அதே 9,760-ஆல் வகுத்திருந்தார்கள். செத்த கோழிக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதன் குஞ்சு விலை, தீவனம், மருந்து எல்லாவற்றையும் விற்ற கிலோதான் சுமக்க வேண்டும். 9,400-ஆல் வகுத்தால் எஃப்சிஆர் 1.70, கிலோவுக்கான செலவு ரிப்போர்ட் காட்டியதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. லாபம் ஒட்டி நிற்கும் பேட்ச்சில் அந்த 4 சதவீதம்தான் மொத்த லாபமும்.

அதனால் திருத்தச் சொல்லி அனுப்பினேன். அதே நிலைமை வந்தால் இப்போதும் அதைத்தான் செய்வேன்.

ஆனாலும், திருத்திய ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர் 1.70-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் தீவனம் சிந்தியது, பராமரிப்பு சரியில்லை என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்த ஷெட்டில் கோழி நன்றாகத்தான் வளர்ந்தது. இந்த 180-ம் முதல் வாரத்தில் குஞ்சாகச் செத்திருந்தால், இறப்பு சதவீதம் அதேதான். எஃப்சிஆரில் தெரிந்தே இருக்காது. வளர்ந்து, தின்று முடித்த பிறகு செத்ததால்தான் இத்தனை அடி. கூடுதல் ஃபேன் வேண்டும் என்று சூப்பர்வைசர் முன்பே எழுதிக் கேட்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டு எஃப்சிஆரையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்கிறேன். செலவுக்கு விற்ற எடை மட்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊக்கத்தொகையை எந்த வரியை வைத்துப் போடுவது என்பதில்தான் மனம் நிலைக்க மாட்டேன் என்கிறது. செத்ததைக் கணக்கில் மன்னித்தால் ஷெட்டைக் கவனிக்காதவரும் தப்பித்துவிடுவார். மன்னிக்காவிட்டால், கேட்ட ஃபேன் வராததற்கு அவர் சம்பளத்தில் பிடித்தம் போட்டதாக ஆகிறது. அந்த பேட்ச்சுக்கு 1.70-ஐ வைத்துத்தான் போட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.