அம்பு எந்தப் பெட்டிக்குச் சொந்தம்?

எங்கள் அலுவலகத்தில் மற்றவர்கள் பேசுவதற்கான ஸ்லைடுகளைத் தயாரிப்பது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. செயல்முறையை விளக்கும் ஸ்லைடு என்றால், அதை ஒரே நேரத்தில் முழுமையாகக் காட்டாமல், பேச்சாளர் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது மட்டும் அந்தக் கட்டம் திரையில் தோன்ற வேண்டும் என்று கேட்பார்கள். ஐந்து பெட்டிகளையும் ஒன்றாகக் காட்டினால், பேச்சாளர் இரண்டாவது கட்டத்தில் இருக்கும்போதே கேட்பவர்களின் கண் ஐந்தாவதற்குப் போய்விடும் என்பதால், அந்தக் கோரிக்கை நியாயமானதுதான்.

பவர்பாயிண்ட்டில் பெட்டிகளைத் தோன்றச் செய்வது கடினமல்ல. பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் அம்புகளை என்ன செய்வது என்பதில்தான் வரிசை குழம்புகிறது. அண்மையில் செய்த ஒரு கொள்முதல் ஸ்லைடையே எடுத்துக்கொள்கிறேன். அதில் கோரிக்கை, சரிபார்ப்பு, ஒப்புதல், கொள்முதல் ஆணை, பணப்பட்டுவாடா என்று இடமிருந்து வலமாக ஐந்து பெட்டிகளும், அவற்றை இணைக்கும் நான்கு அம்புகளும் இருந்தன. இவை போக, ஒப்புதல் மறுக்கப்பட்டால் கோரிக்கைக்கே திரும்பிப் போவதைக் காட்டும் ஓர் அம்பு, பெட்டிகளுக்குக் கீழே வளைந்து சென்றது.

அம்பைப் பலர் அது புறப்படும் பெட்டியோடு சேர்த்துத் தோன்றச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால், சரிபார்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் வெற்றிடத்தைச் சுட்டும் ஓர் அம்பு திரையில் நிற்கும். பார்ப்பவர் அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆகவே அம்பு எந்தப் பெட்டியைச் சென்று தொடுகிறதோ அந்தப் பெட்டிக்கே அது சொந்தம் என்பதை நான் விதியாக வைத்திருக்கிறேன். ஒரு கிளிக்கில் முதலில் அம்பு நீள வேண்டும். அது நீண்டு முடிந்த கையோடு பெட்டி வர வேண்டும். இதற்காக அம்புக்கு Wipe கொடுத்து, தொடக்கத்தை On Click என்றும் கால அளவை 0.5 வினாடி என்றும் வைக்கிறேன். பெட்டிக்கு Fade கொடுத்து After Previous என்று அமைக்கிறேன். Wipe தானாகக் கீழிருந்து மேலாகவே அமைந்துவிடும் என்பதால், Effect Options-இல் From Left என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், படுக்கைவசமான மெல்லிய கோடு நீள்வதற்குப் பதிலாகச் சட்டென்று முளைத்தது போலத் தெரியும்.

முதல் பெட்டிக்கு எந்த அனிமேஷனும் தேவையில்லை. ஸ்லைடு வரும்போதே கோரிக்கை திரையில் இருந்தால், வெற்றுத் திரையின் முன் பேச்சைத் தொடங்கும் சங்கடம் பேச்சாளருக்கு இராது. ஒவ்வொரு பெட்டியையும் அதன் எண் வட்டத்தோடும் சின்னத்தோடும் Ctrl+G அழுத்தி ஒரே குழுவாக்குவதை அனிமேஷன் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு குழுவாக்கினால் உறுப்புகளுக்குக் கொடுத்திருந்த அனிமேஷன் அனைத்தும் போய்விடும். Alt+F10 அழுத்தினால் திறக்கும் Selection Pane-இல் ஒவ்வொன்றுக்கும் "அம்பு ஒப்புதல்", "பெட்டி ஒப்புதல்" என்பதுபோலப் பெயர் சூட்டுவதையும் நான் தவிர்ப்பதில்லை. Animation Pane-இல் அதே பெயர்கள்தான் வரும். Group 22, Group 27 என்ற பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையைச் சரிபார்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வரிசை சரியா என்பதை ஸ்லைடைப் பார்த்தே ஓரளவு அறியலாம். Animations தாவலில் இருக்கும்போது ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் ஒரு சிறிய எண் தெரியும். ஒரே கிளிக்கில் வருபவை ஒரே எண்ணைப் பெறும். நம் ஸ்லைடில் முதல் அம்புக்கும் சரிபார்ப்புக்கும் 1, அடுத்த அம்புக்கும் ஒப்புதலுக்கும் 2 என்று இடமிருந்து வலமாக 4 வரை எண்கள் ஏற வேண்டும்.

மறுப்பு அம்பைத் தவிர மற்ற எல்லாம் இப்படி முடிந்திருந்த நிலையில், சரிபார்ப்புக்கும் ஒப்புதலுக்கும் இடையே "நிதி உறுதி" என்ற புதிய கட்டம் வேண்டும் என்றார்கள். செயல்முறை ஸ்லைடுகளில் இப்படி ஒரு கட்டம் இடையில் நுழையாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புதிதாகச் சேர்க்கும் அனிமேஷன் எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் போய் நிற்கும். எனவே பெட்டிகளின் எண்கள் 1, 5, 2, 3, 4 என்று காட்டின. பட்டியலில் புதிய பெட்டியை மட்டும் மேலே இழுத்தால் போதாது. அதன் அம்பு கடைசியிலேயே தங்கி, எல்லாம் முடிந்த பிறகு தனி கிளிக்கில் தனியாக நீளும். பெட்டியோ After Previous என்று இருப்பதால், தனக்கு முந்தைய கட்டத்தின் பின்னாலேயே கிளிக் இல்லாமல் வந்துவிடும். இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து, சரிபார்ப்புப் பெட்டியின் வரிக்குக் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பழைய அம்பில் இருக்கிறது. சரிபார்ப்பிலிருந்து ஒப்புதலுக்குச் சென்ற அம்பின் தலையைக் கழற்றிப் புதிய பெட்டியில் ஒட்டுவதுதான் கைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பட்டியலில் அந்த அம்பு ஒப்புதல் பெட்டியோடுதான் இணைந்திருக்கிறது. ஆகவே நிதி உறுதியைச் சுட்டும் அம்பு, ஒரு கிளிக் தாமதித்து, ஒப்புதலோடு தோன்றும். தலையை அப்படியே விட்டுவிட்டு வாலைப் புதிய பெட்டிக்கு நகர்த்தினால், அம்பும் ஒப்புதலும் இணை பிரியாமல் இருக்கும். சரிபார்ப்பிலிருந்து நிதி உறுதிக்குப் புதிய அம்பு ஒன்றை வரைந்தால் போதும்.

மறுப்பைக் காட்டும் வளைந்த அம்பு எப்போது வர வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒப்புதலைப் பற்றிப் பேசும்போதே "மறுத்துவிட்டால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள், அதனால் அங்கேயே காட்டிவிடலாம் என்றார் மூத்த சக ஊழியர் ஒருவர். நேர்வழி முழுவதும் கண்ணில் பதிந்த பிறகுதான் விலகும் வழி புரியும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் இடமளிக்க Trigger என்ற வசதி இருக்கிறது; ஒப்புதல் பெட்டியின் மேல் கிளிக் செய்தால் மட்டுமே அந்த அம்பு தோன்றும்படி, பிரதான வரிசைக்கு வெளியே அதை வைக்கலாம். ஆனால் சுட்டி அந்தப் பெட்டியின் மேல் இல்லாமல் வேறெங்காவது கிளிக் ஆனால், கேள்விக்கு விடையாக அம்பு வராமல் அடுத்த கட்டம் வந்துவிடும். கையடக்க ரிமோட்டை வைத்துக்கொண்டு அரங்கில் நடந்தபடி பேசுபவருக்கு, ஒரு பெட்டியைத் தேடிக் கிளிக் செய்யும் வாய்ப்பே இல்லை. இந்த ஸ்லைடில் பேசவிருந்தவர் அப்படிப்பட்டவர் என்பதால், மறுப்பு அம்பைக் கடைசிக் கிளிக்காக, பணப்பட்டுவாடாவுக்குப் பின் வைத்தேன். அது வலமிருந்து இடமாகத் திரும்புவதால் அதற்கு From Right. ஒப்புதலின் அடியிலிருந்து இறங்கும் கோடு முதலில் தெரிந்து, பிறகு கீழ்க்கோடு இடப்பக்கம் நீண்டு, கடைசியில் கோரிக்கையின் அடியில் அம்புத்தலை வந்து முடியும்.

கோப்பை ஒப்படைக்கும் முன் Shift+F5 அழுத்தி அந்த ஸ்லைடை முன்னோக்கி ஒருமுறை ஓட்டிவிட்டு, இடப்பக்க அம்பு விசையால் பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்கிறேன். கேள்வி வந்தால் பேச்சாளர் பின்னால் போவார் அல்லவா? PDF ஆகவும் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கிறேன். அதில் அனிமேஷன் எதுவும் இராது, எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். பேசும்போது ஒன்று மறைந்து அதே இடத்தில் இன்னொன்று வரும்படி யாராவது அமைத்திருந்தால், அங்கே எழுத்தின் மேல் எழுத்து ஏறியிருக்கும்.