வடக்குனு எழுதியிருந்தா வடக்கு எல்லை இல்ல: பழைய பத்திரத்த ஷீட்ல ஏத்தின கதை

குடியாத்தம் பக்கம் எங்க பெரியப்பா 1991ல வாங்குன புஞ்சையோட கிரையப் பத்திரத்த அண்ணன் போட்டோ புடிச்சி வாட்ஸ்அப்ல அனுப்பினாரு, பாகம் பிரிக்கணும், சர்வே நம்பர், விஸ்தீரணம், நாலு எல்லை எல்லாத்தையும் தனித்தனி கட்டத்துல போட்டுக் குடுடான்னாரு. அரை மணி நேர வேலைன்னு நெனச்சேன், ரெண்டு நாள் போச்சு.

கடைசி பக்கத்துல இருக்கற சொத்து விவரம் மட்டும்தான் தேவை. போன்லயே போட்டோல இருந்து எழுத்த எடுத்துப் பாத்தேன், 142/2ன்னு வந்துச்சி. வருவாய்த்துறை சைட்ல அந்த கிராமத்துக்கு 142 போட்டா உட்பிரிவு லிஸ்ட்ல வெறும் 2 இல்ல, 2Aவும் 2Bயும்தான் இருந்துச்சி. அப்பறம் போட்டோவ பெருசாக்கி பாத்தா மடிப்பு விழுந்த கோட்டுலயே ஒரு "ஏ" உக்காந்திருக்கு, பத்திரத்துல 142/2ஏ. ஆனா இதயும் கண்ண நம்பி விடல. பத்திரத்துல ஏக்கர் 1.24, பட்டால 2Aக்கு 0.50.0 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அப்போ அரை ஹெக்டேர் 1.235, ரவுண்ட் பண்ணா 1.24, சரியா பொருந்துச்சி.

பெரிய தப்பு செக்குபந்தியில, அதாவது நாலு எல்லை எழுதியிருக்கற இடத்துல. பத்திரத்துல இப்படி இருக்கு: "பங்காளி நிலத்துக்கு தெற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு கிழக்கு, கிணத்து புஞ்சைக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ளது". நான் பாட்டுக்கு வடக்கு கட்டத்துல வாய்க்கா, தெற்கு கட்டத்துல பங்காளி நிலம்னு வரிசையா ஏத்திட்டேன். அண்ணன் ஷீட்ட பாத்துட்டு போன் பண்ணாரு, "டேய், வாய்க்கா நம்ம நெலத்துக்கு தெக்காலதான ஓடுது, சின்ன வயசுல அதுலதான குளிச்சோம்". அப்பதான் உறைச்சது, "வாய்க்காலுக்கு வடக்கு"ன்னா நம்ம நிலம் வாய்க்காலுக்கு வடக்கால இருக்குன்னு அர்த்தம், அப்போ வாய்க்கா தெற்கு எல்லை. நாலுமே அதே மாதிரி திரும்பணும்: வடக்கு எல்லை பங்காளி நிலம், மேற்கு எல்லை வண்டிப்பாதை, கிழக்கு எல்லை கிணத்து புஞ்சை. ஆனா கண்ண மூடிட்டு எல்லா பத்திரத்தயும் திருப்பிடாதீங்க, சிலதுல "வடக்கில் வாய்க்கால்"னு நேராவே எழுதியிருப்பாங்க. "க்கு"வா "இல்"லான்னு அந்த ஒரு உருபுதான் முடிவு பண்ணுது, அத படிச்சிட்டுதான் ஏத்தணும்.

அதனால இப்போ ஒவ்வொரு எல்லைக்கும் ரெண்டு கட்டம் வெச்சிருக்கேன், ஒண்ணுல பத்திரத்துல இருக்கற வாசகம் எழுத்து மாறாம, பக்கத்துல நான் புரிஞ்சிகிட்ட எல்லை. மாவட்டத்துக்கும் அப்படித்தான், பத்திரத்துல "வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்", இப்போ வேலூர். திருத்தின ஷீட்டோட எல்லைகள நில அளவைத் துறையோட எஃப்.எம்.பி வரைபடத்து பக்கத்துல வெச்சு பாத்தேன், வாய்க்கா தெக்காலதான் ஓடுது.