மேடையில் சொல்லாத பெயர்

2021-இல் ஆசிரியர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதனால் விழாவை மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை பள்ளி திறந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. ஊரடங்கில் வீட்டிலிருந்து வகுப்பு எடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதிக வகுப்பு எடுத்த ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட வேண்டும் என்றார். பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது.

பட்டியல் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தினமும் கூகுள் ஷீட்டில் தேதி, வகுப்பு, பாடம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் வந்தார்கள் என்று நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். கூட்டிப் போட்டால் ஐந்து பேர் வந்துவிடுவார்கள். எனக்குத் தயக்கம் வந்ததற்குக் காரணம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் மிஸ் அந்தப் பட்டியலில் பாதிக்குக் கீழே இருந்தார்.

அவர் கூகுள் மீட்டில் எடுத்த வகுப்பு குறைவு என்பது உண்மை. ஜூலையிலேயே அதைப் பற்றி அவரிடம் கேட்டிருந்தேன். "ஈவினிங்ல பாத்துக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னார். ஈவினிங்கில் என்ன பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை. அது தெரிய வந்ததே கட்டணத்துக்குத் தவணை கேட்டு வந்த ஒரு அப்பாவால்தான். டிராக்டர் ஓட்டுகிறவர். மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிட்டதால் குறுவைக்குச் சேற்றுழவு நெருக்கியடித்த நாட்கள். யார் எப்போது வண்டிக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, அதனால் போன் அவர் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். பையனுக்குக் காலை பத்து மணி வகுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். "ராத்திரி நான் வந்ததும் போனைக் குடுத்துடுவேன் சார். மிஸ் அனுப்பிச்சிருப்பாங்க. அவன் கேட்டுட்டு, எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புவான். நான் படுக்கறவரைக்கும் அவன்கிட்டதான் இருக்கும்" என்றார்.

விழாவுக்கு முந்தைய வாரம் அந்த மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டில் ஒரே இணைப்புதான். ஐந்நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு 84 நாள், தினம் 1.5 ஜிபி. மீட்டில் கேமராவைத் திறந்துவைத்து இரண்டு மூன்று வகுப்பு எடுத்து, பக்கத்து அறையில் அவருடைய பெண்ணும் அதே ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் வீடியோ நிற்கும், மீட்டில் பேச்சு வெட்டி வெட்டி வரும். ஆனால் குரல் பதிவு போய்விடும். ஐந்து நிமிடப் பதிவு ஒரு எம்பிகூட வராது. மெதுவாகப் போனாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்ச் சேரும், எடுக்கிற பக்கமும் அதே மெதுவான போனாக இருந்தாலும் கவலையில்லை. அது அறுந்துபோகும் நேரலை இல்லையே. பையன் எட்டு மணிக்கும் கேட்கலாம், பத்து மணிக்கும் கேட்கலாம், புரியாத இடத்தைத் திரும்பக் கேட்கலாம். போனில் எந்த வேகம் மிச்சம் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி பாடம் நடத்தினார்.

ஒரு பாடத்தைக் காட்டினார். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம், நீள்வகுத்தல் முறை. தாளில் ஒரு கணக்கை முழுதும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இடதுபக்கம் எண் போட்டு, போட்டோவாக அனுப்பியிருக்கிறார். குரல் பதிவில் "இப்ப மூணாவது வரிக்கு வா, அங்க என்ன பண்ணியிருக்கேன் பாரு" என்று போகிறது. கணக்கு இதுதான்:

64x⁴ − 16x³ + 17x² − 2x + 1

முதல் உறுப்பு 8x². அதை இரட்டிப்பாக்கினால் 16x², அதோடு −x சேர்த்தால் அடுத்த வகுஎண் 16x² − x. பெருக்கிக் கழித்தால் 16x² − 2x + 1 மீதி. இப்போது இதுவரை வந்த 8x² − x முழுவதையும் இரட்டிப்பாக்கி, 16x² − 2x எடுத்து, 1 சேர்க்க வேண்டும். மீதி பூஜ்யம், விடை 8x² − x + 1.

பிள்ளைகள் தவறுவது அந்த மூன்றாவது வகுஎண்ணில். முந்தைய வகுஎண் 16x² − x கண்ணெதிரே இருப்பதால் அதை அப்படியே கீழே இறக்கி 1 மட்டும் சேர்ப்பார்கள். 16x² − x + 1 என்று வரும். கழித்துப் பார்த்தால் கடைசியில் −x மிஞ்சும். மீட்டில் இது தெரியவே தெரியாது. நாற்பது சொச்சம் பெயர்கள் மியூட்டில் இருக்கும், "புரியுதா?" என்றால் சாட்டில் "எஸ் மிஸ்" என்று வரிசையாக விழும். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால்தான், கடைசி வரியில் −x மிஞ்சியிருப்பதைப் பார்த்து எந்த இடத்தில் சறுக்கினான் என்று சொல்ல முடியும். அவர் அதைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் இருபது விநாடியில் பதில் பேசி அனுப்பியிருக்கிறார். "வந்ததை எல்லாம் இரட்டிப்பாக்கணும்டா, கடைசியா வந்ததை மட்டும் விட்டுட்ட." இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும், இரவு பதினொன்றரை வரைக்கும்.

அதைப் பார்த்த பிறகு என்னால் அந்த ஐவர் பட்டியலைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியவில்லை. "மிஸ், மேடையில் இதைச் சொல்லப்போறேன்" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வேண்டாம் சார். தயவுசெய்து சொல்லாதீங்க."

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். அவர் குரலில் அடக்கம் எதுவும் இல்லை. "நீங்க மேடையில சொன்னீங்கன்னா நாளைக்கு அது எல்லாருக்கும் வேலையாயிடும் சார். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இருக்கிற சயின்ஸ் மிஸ் ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் அனுப்பணும். எனக்கு முடிஞ்சது, செஞ்சேன். பாதிச் சம்பளத்துல அவங்களையும் செய்னு சொல்ல நான் காரணமா இருக்க மாட்டேன்."

பாதிச் சம்பளம் என்பது உண்மைதான். கட்டணத்தில் 75 சதவீதம் வரைதான் வாங்கலாம், அதையும் தவணையில் என்று 2020-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தத் தவணையும் அறுவடைக் காசு கைக்கு வந்தால்தான் வரும். நிர்வாகத்தைக் குறை சொல்லவும் என்னால் முழுமனதாக முடியவில்லை, வரவில்லை என்பதை நானே கணக்கில் பார்த்திருக்கிறேன்.

நான் ஒத்துக்கொண்டேன். ஐவர் சால்வையையே விட்டுவிடலாம், எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாக ஒரே நன்றி சொல்லிவிடலாம் என்று தாளாளரைச் சம்மதிக்க வைத்தேன். எல்லாரும் கஷ்டப்பட்டார்கள், பிரித்துப் பார்த்தால் மனக்கசப்பு வரும் என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த மிஸ்ஸும் நின்றார். நான் வாக்குக் காப்பாற்றிய திருப்தியில் இருந்தேன்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. முழுச் சம்பளத்தைப் படிப்படியாகத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தபோது, யாருக்கு முதலில் என்பதற்குத் தாளாளர் எடுத்த கணக்கு அதே ஷீட். மீட் நிமிடங்கள். நான் போய், "சார், இந்தப் பட்டியல் முழுமையானது இல்லை" என்றேன்.

"எது விட்டுப்போச்சு சொல்லுங்க, சேர்த்துடலாம்."

இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார். சேர்த்திருப்பார் என்றும் நினைக்கிறேன். "பொதுவாகச் சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மிஸ்ஸுக்கு முழுச் சம்பளம் தீபாவளி கழித்துத்தான் வந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மேடையில் சொல்லாதே என்றாரே தவிர, தாளாளரிடம் தனியாகச் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. இதை நானே எனக்கு எதிராகச் சொல்லிப் பார்ப்பதுண்டு. அப்புறம் அதற்குப் பதிலும் நானே சொல்லிக்கொள்வேன்: தாளாளர் காதுக்குப் போனால் மேடைக்குப் போனது போலத்தான், அவர் நல்லதை ஒருவரோடு விடுகிறவர் இல்லை. அந்த மிஸ் பயந்தது பாராட்டுக்கு இல்லை, பாராட்டுக்குப் பின்னால் வரும் சர்க்குலருக்கு. சர்க்குலர் எழுதுகிறவன் நான் என்பதால் அந்தப் பயம் எனக்கும் புரியும். இருந்தாலும் இன்னொருவர் சம்பளத்தை வைத்து நான் கொள்கை காத்தேனோ என்று ஒரு உறுத்தல்.

2022 ஜனவரியில் மறுபடி பள்ளிகளை மூடினார்கள். அந்த மாதம் முழுக்க ஒன்பதாவது வரைக்கும் வகுப்பு இல்லை, பாதியில் பத்தாவதுக்கும் மேலும் மூடிவிட்டார்கள். முதல் வாரத்திலேயே தாளாளர் என்னைக் கூப்பிட்டு, மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை எல்லா ஆசிரியர்களும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டும் என்று சர்க்குலர் போடச் சொன்னார். யாரோ ஒரு பெற்றோர் சொல்லியிருக்கிறார், எங்க மிஸ் அப்படித்தான் நடத்துவாங்க என்று. அந்த டிராக்டர்காரராகவே இருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் தள்ளிப்போனது நாலு மாதம்தான்.

சர்க்குலரை எழுதினேன். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தேன், அதைத் தாளாளர் அடிக்கவில்லை. போன் பகலில் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏதோ நடக்கக்கூடாதது நடந்த மாதிரி எழுதுகிறேன் என்று ஆகிவிடும். பாதிப் பேர் செய்தது வேறு. அந்த மிஸ் எப்போதோ அனுப்பிய பதிவுகளையே வாங்கி முன்னனுப்பினார்கள், கணக்குக்கு மட்டுமாவது. நோட்டைப் பார்த்து −x எங்கே மிஞ்சியது என்று சொல்லும் வேலையை யாருக்கும் முன்னனுப்ப முடியாது, அது அவரிடமே இருந்தது.

அந்த வருட முடிவில் ஊதிய உயர்வுக்கான படிவம் தயார் செய்யச் சொன்னபோது, மீட் நிமிடங்களுக்குப் பக்கத்தில் 'மாலை வழிகாட்டல்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். எல்லாரும் நிரப்பிக் கொடுத்தார்கள். சிலர் தாராளமாகவே. அவருடைய தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "ஜனவரிக்கு முன்னாடி செஞ்சதையும் போடலாமா சார்? அதுக்குத் தேதி எதுவும் எழுதி வெச்சுக்கலையே" என்றார். போனில் இருக்குமே, ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்குமே என்றேன். போன் அடிக்கடி நிறைந்துவிடுகிறது என்று பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டாராம். நானே தோராயமாக ஒரு எண்ணை எழுதி, தாளை மேலே அனுப்பினேன். அது சரியான எண்ணா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தாளாளர் கேட்கவில்லை.