ஒரே கைப்பேசி, இரண்டு தேர்வர்கள்

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'அளவீட்டியல்' பாடம் முடிந்ததும், பள்ளி வலைத்தளத்தில் ஒரு சிறு தேர்வு வைக்கலாமே என்று ஆசிரியர் கூட்டத்தில் நான்தான் வாயைக் கொடுத்தேன். பத்துக் கேள்விகள், பத்து மதிப்பெண்கள், வீட்டிலிருந்தே எழுதலாம். ஒரு மாலைப் பொழுது போதும் என்பது என் கணக்கு. இரண்டு வாரமும் இரண்டு தேர்வும் ஆயின.

படிவத்தைக் கூகுள் ஃபார்ம்ஸில் செய்தேன். Settings பகுதியில் Make this a quiz என்பதை இயக்கினால், ஒவ்வொரு கேள்வியின் கீழும் Answer key என்ற இணைப்பு வரும். அதில் சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறிக்க வேண்டும். பத்து முறை மதிப்பெண் போடச் சோம்பல்பட்டு, எல்லாக் கேள்விகளுக்கும் தானாக 1 விழும்படி அமைப்பிலேயே மாற்றிவிட்டேன். பெயர், வரிசை எண் ஆகிய இரண்டும்கூடப் படிவத்தின் பார்வையில் கேள்விகள்தானே? அவற்றுக்கும் ஆளுக்கு ஒன்று விழுந்தது. சோதனைக்காக நானே எல்லாவற்றையும் சரியாக எழுதிப் பார்த்தபோது 10/12 என்று வந்தது. அந்த இரண்டையும் பூஜ்ஜியமாக்கினேன். அனுப்புமுன் எழுதிப் பார்த்ததால் தப்பித்தேன். மற்றவற்றில் அந்த அளவுக்குப் புத்தியாக இல்லை.

அடுத்தது வலைத்தளத்தில் பதிப்பது. எங்கள் தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. படிவம் தரும் பதிப்பு நிரலை எடுத்து ஒரு பதிவில் Custom HTML கட்டத்தில் ஒட்டினேன். முன்னோட்டத்தில் அழகாகத் தெரிந்தது. சேமித்துவிட்டுத் தளத்தைத் திறந்தால் வெற்றிடம். மூன்று முறை ஒட்டினேன், மூன்று முறையும் மறைந்தது. பிறகுதான் புரிந்தது: என் கணக்கு Author நிலையில் இருந்தது. அந்த நிலையில் உள்ளவர்கள் சேமிக்கும்போது, பிற தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டும் iframe குறிகளைப் பாதுகாப்புக்காக வேர்ட்பிரஸ் நீக்கிவிடும். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கணினி ஆசிரியர் தம் கணக்கில் நுழைந்து அதே நிரலை ஒட்டினார், நின்றது. ஒட்டியது மறைந்தால் நிரலைச் சந்தேகிக்குமுன் உங்கள் கணக்கின் நிலையைப் பாருங்கள்.

தேர்வைத் திறந்த மாலையே தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. ஒருவரே பலமுறை எழுதிவிடக் கூடாது என்று Limit to 1 response என்பதை இயக்கியிருந்தேன். அதை இயக்கினால் எழுதுபவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். கணக்கில் நுழையாதவர்களுக்குக் கேள்விகளே தெரியாது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தக் கணக்கும் இல்லை, சொந்தக் கைப்பேசியும் இல்லை. அப்பா வேலை முடிந்து வந்த பிறகு கிடைப்பதுதான் கைப்பேசி, அதில் இருப்பது அப்பாவின் கணக்கு.

ஒரு தாய் சொன்னார்: "டீச்சர், பெரியவள் எழுதி முடித்துவிட்டாள். சின்னவளுக்குத் திறந்தால் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று வருகிறது." அவர்கள் இரட்டையர்கள், இருவரும் என் வகுப்பு. பெரியவள் மூன்று நிமிடம் மூத்தவள். படிவத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு என்றால் ஒரு ஆள். எங்கள் ஊரில் ஒரு கணக்கு என்றால் ஒரு வீடு.

அன்றிரவே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தேன், மின்னஞ்சல் சேகரிப்பையும் நிறுத்தினேன். அப்பாவின் மின்னஞ்சலை வைத்து நான் யாரை அடையாளம் காண்பது? அதற்குப் பதிலாக வரிசை எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல், 1 முதல் 42 வரை Drop-down பட்டியலாக்கினேன். எண்களை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதி மொத்தமாக ஒட்டினால் ஒவ்வொன்றும் தனித் தெரிவாக விழுகிறது. யாராவது இரண்டு முறை அனுப்பினால் முதலில் வந்ததே செல்லும் என்று படிவத்தின் தலைப்பிலேயே எழுதினேன். மறுமொழிகள் சேரும் விரிதாளில் நேரம் பதிவாகிறது, ஆகவே எது முதலில் வந்தது என்பதில் வாதமில்லை. ஒருத்தியின் எண்ணில் இன்னொருத்தி எழுதுவதை இது தடுக்காது. பருவத் தேர்வுக்கு இந்த ஏற்பாடு உதவாது, பாடம் புரிந்ததா என்று பார்ப்பதற்கு இது போதும்.

அப்படியும் விரிதாளில் சில எண்கள் மூன்று மூன்று முறை வந்திருந்தன. நகல் அடிக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. ஒரு மாணவியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பதித்த படிவம் பக்கத்துக்குள் ஒரு நீண்ட சன்னல். பத்துக் கேள்விகளையும் தாண்டி அடியில் உள்ள பொத்தானை அழுத்தியதும், படிவம் சுருங்கி மதிப்பெண் பார்க்கும் பொத்தான் சன்னலின் உச்சியில் வருகிறது. பிள்ளையின் திரையோ இன்னும் அடியிலேயே நிற்கிறது. அவள் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை. போகவில்லை என்று நினைத்து, பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி எழுதியிருக்கிறாள். பாவம், மூன்று முறையும் அதே ஏழு மதிப்பெண்.

பதிப்பு நிரலில் அகலம் 640 என்று வருவதும் சிறு திரையில் பக்கவாட்டில் வெட்டிவிடுகிறது. அகலத்தை 100% ஆக்கி, தனிப் பக்கத்தில் திறக்கும் இணைப்பு ஒன்றைப் படிவத்துக்கு மேலேயே வைத்தோம்:

```html
<p><a href="https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform">
கைப்பேசியில் எழுதுவோர் இங்கே தொடவும்</a></p>
<iframe src="https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform?embedded=true"
  width="100%" height="2600"></iframe>
```

FORM_ID இருக்கும் இடத்தில் உங்கள் படிவம் தரும் பதிப்பு நிரலில் /d/e/ என்பதற்கு அடுத்து உள்ள நீண்ட எழுத்துக் கோவை வரும். உண்மையைச் சொன்னால், இணைப்பு மட்டுமே போதும். பதித்த படிவம் தலைமையாசிரியர் அறைக் கணினியில் பார்க்க நன்றாக இருக்கிறது, அதற்காக விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்விகளிலும் இரண்டு இடங்களில் சறுக்கினேன். வெப்பநிலையின் எஸ்.ஐ. அலகு எது என்பதைச் சிறு விடைக் கேள்வியாக வைத்து, விடையாக 'கெல்வின்' என்று கொடுத்திருந்தேன். K என்று எழுதியவர்களுக்கும் 'கெல்வின் அலகு' என்று எழுதியவர்களுக்கும் பூஜ்ஜியம் விழுந்தது. கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மதிப்பெண். Responses பகுதியில் கேள்வி வாரியாகப் பார்த்து அவர்களுக்குக் கையால் மதிப்பெண் போட்டேன். இரண்டாம் தேர்வில் எல்லாமே தெரிவுக் கேள்விகள்.

இன்னொன்று, விடைத் தெரிவுகளை ஆளுக்கு ஆள் வரிசை மாற்றித் தரும் வசதி. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எழுதக் கூடாதே என்று இயக்கினேன். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற தெரிவு பலருக்கு முதல் வரியில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேலே எதுவுமே இல்லை! 'அ, ஆ இரண்டும்' என்பதும் அப்படியே பொருளிழந்தது. வரிசை மாற்றம் வேண்டுமென்றால் இத்தகைய தெரிவுகளை எழுதவே கூடாது. நான் அந்தக் கேள்விகளையே மாற்றி எழுதினேன்.

இரண்டாம் தேர்வில் அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. இரட்டையர் இருவரும் அப்பாவின் அதே கைப்பேசியில் அடுத்தடுத்து எழுதி, ஒருத்தி எட்டும் மற்றொருத்தி ஒன்பதும் வாங்கினார்கள். மறுமொழிகளின் சுருக்கப் பக்கத்தில் அதிகம் தவறிய கேள்விகள் தனியாகத் தெரிகின்றன. ஸ்டிரேடியன் எதன் அலகு என்பதற்கு வகுப்பில் பெரும்பாலோர் தளக்கோணம் என்று தொட்டிருந்தார்கள். திண்மக்கோணத்தைக் கரும்பலகையில் தட்டையாக வரைந்துதான் நான் நடத்தியிருந்தேன். மறுநாள் ஒரு கொய்யாப்பழத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.